ரிஸ்க் ரிவர்சல் மைனஸில் இருக்கிறது, ஆனால் டாலர்–யென் ஏறுகிறது: ஸ்மைல் எந்தப் பயத்தைச் சொல்கிறது?

கடற்காகம்

வணக்கம் நண்பர்களே. மூன்று மாதமாக ஆப்ஷன் விலைகளைப் பார்த்து வருகிறேன். ஒரு விஷயம் பிடிபடவே இல்லை.

டாலர்–யெனில் ஒரு மாத 25 டெல்டா ரிஸ்க் ரிவர்சல் −1.6 என்று திரையில் தெரிகிறது. அதாவது டாலர் கால் ஆப்ஷனைவிட டாலர் புட் ஆப்ஷனின் வோல், அதாவது அதன் விலைக்குள் இருக்கும் ஏற்ற இறக்க அளவு, 1.6 புள்ளி அதிகம். டாலர் விழும் என்று சந்தை பயப்படுகிறது என்றுதானே இதற்குப் பொருள்? ஆனால் நான் பார்க்க ஆரம்பித்த நாளிலிருந்து எண் மைனஸிலேயே கிடக்க, டாலரோ மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே இருக்கிறது. இதை நம்பி இரண்டு முறை டாலரை விற்றேன், இரண்டு முறையும் அடி. பயம் இருக்கிறது என்றால் விலை ஏன் விழவில்லை? அல்லது நான்தான் தப்பாகப் படிக்கிறேனா?

உருட்டிய எண்களில் சொன்னால் ஸ்பாட் 150, ஒரு மாத ஃபார்வர்ட் 149.40, நடு வோல் 10, பட்டர்ஃபிளை 0.3.

வேகவிசை

ப்ரோ, நீங்கள் படித்தது சரி, நேரம்தான் தப்பு. ரிஸ்க் ரிவர்சல், சுருக்கமாக ஆர்ஆர், மைனஸ் என்றால் பெரிய கைகள் யென் பக்கம் பணம் வைக்கிறார்கள் என்று அர்த்தம். அவர்கள் சும்மா பணம் கட்ட மாட்டார்கள். பிரெக்சிட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2016 ஜூன் 23 வாக்கெடுப்புக்கு முன் பவுண்டின் ரிஸ்க் ரிவர்சல் ஆழமான மைனஸில் இருந்தது. வாக்கு எண்ணத் தொடங்கிய இரவில் ஸ்பாட் 1.50ஐத் தொட்டது, எல்லோரும் பிரிட்டன் ஒன்றியத்தில் தங்கிவிடும் என்று நினைத்தார்கள். சில மணி நேரத்தில் 1.33க்கும் கீழே. ஸ்பாட் பொய் சொன்னது, ஆப்ஷன் உண்மை சொன்னது. ஆர்ஆர் காட்டும் திசையில் நில்லுங்கள், கொஞ்சம் பொறுங்கள், அவ்வளவுதான்.

தராசுமுள்

வேகவிசை சொன்னதில் பாதி சரி. புட் பக்கம் கூடுதல் பணம் கட்டப்படுகிறது என்பது உண்மை. அதனால் டாலர் விழும் என்று சந்தை நினைக்கிறது என்று முடிவு கட்டுவதுதான் தவறு. நான் பல வருடம் நாணய ஆப்ஷன் டெஸ்க்கில் இருந்தவன். புதிதாக வருபவர்கள் எல்லோரும் முதலில் இங்கேதான் இடறுவார்கள், நானும் இடறியிருக்கிறேன். அதனால் கொஞ்சம் நிதானமாகவே எழுதுகிறேன்.

கடற்காகம் கொடுத்த எண்களை வைத்தே பார்ப்போம். இரண்டு பக்கத்து வோலையும் முதலில் பிரித்தெடுக்க வேண்டும். கீழே ATM என்பது நடு வோல், BF பட்டர்ஃபிளை, RR ரிஸ்க் ரிவர்சல்.

```
σ(கால் 25Δ) = ATM + BF + RR/2 = 10 + 0.3 − 0.8 = 9.5
σ(புட் 25Δ) = ATM + BF − RR/2 = 10 + 0.3 + 0.8 = 11.1
```

இந்த வோல்களை ஸ்ட்ரைக்காக மாற்றினால் புட் 146.30 அருகிலும், கால் 152.25 அருகிலும் விழும். (டாலர்–யெனில் பிரீமியத்தை டாலரில் கட்டுவதால் டெல்டாவை அதற்கேற்பத் திருத்துவது வழக்கம். அப்போது ஸ்ட்ரைக் சற்று நகரும். இங்கே அதை விட்டுவிடுகிறேன்.) புட் ஃபார்வர்டிலிருந்து 3.10 யென் தள்ளி நிற்கிறது, கால் 2.85 தள்ளி நிற்கிறது. அப்படியும் புட்டின் விலை ஒரு டாலருக்கு சுமார் 0.73 யென், அதாவது 73 சென், காலின் விலை சுமார் 60 சென். தூரத்தில் இருக்கும் சரக்கு கிட்டத்தில் இருப்பதைவிட விலை கூட. நீங்கள் பார்க்கும் −1.6இன் உடம்பு இதுதான்.

இனிதான் முக்கியமான இடம். ஆப்ஷன் விலைகளுக்குள் இருக்கும் நிகழ்தகவுப் பரவலின் சராசரி ஃபார்வர்டில்தான் உட்கார்ந்தாக வேண்டும். ஆர்ஆர் மைனஸானாலும் பிளஸானாலும் அந்தச் சராசரி அசையாது. அசைந்தால் கையில் ஆபத்தே இல்லாமல் காசு பார்க்கலாம், யாரும் விட்டுவைக்க மாட்டார்கள். சரி, சராசரி நகராமல் கீழ்ப்பக்கத்து வால் மட்டும் நீள வேண்டுமென்றால் என்ன ஆகும்? ஒரு தராசுக் கோலை நினைத்துக்கொள்ளுங்கள். இடது ஓரத்தில் தூரமாக ஒரு சின்ன எடையைத் தொங்கவிட்டால், கோல் சாயாமலிருக்க வலப்பக்கம் நடுமுள்ளுக்குக் கிட்டத்தில் அதைவிடக் கனமான எடையை வைக்க வேண்டும். அதாவது ஃபார்வர்டுக்கு மேலே முடிவதற்கான வாய்ப்பு பாதியைவிட அதிகமாகும்.

```
P(S > F) ≈ N(d2) − vega × dσ/dK
```

25 டெல்டா ஸ்ட்ரைக்குகளுக்கு இடையே வோல் 1.6 புள்ளி இறங்குகிறது. இடைவெளி ஏறத்தாழ 6 யென், ஆக ஒரு யெனுக்கு சுமார் 0.27 புள்ளி. இதைச் சூத்திரத்தில் போட்டால் முதல் உறுப்பு 0.494, சரிவு சேர்ப்பது 0.046. கூட்டினால் 54 சதவீதம்.

ஆக −1.6 என்ற அதே எண், ஒரு மாதம் கழித்து டாலர் ஃபார்வர்டுக்கு மேலே இருக்கத்தான் வாய்ப்பு கொஞ்சம் அதிகம் என்கிறது. ஆனால் விழுந்தால் பெரிதாக விழும் என்றும் சேர்த்தே சொல்கிறது. ஸ்ட்ரைக்குக்கு ஸ்ட்ரைக் மாறும் வோல்களை இணைக்கும் வளைவைத்தான் ஸ்மைல் என்கிறோம். நீங்கள் மூன்று மாதமாகப் பார்த்த மெல்லிய ஏற்றம் அதற்கு முரணானது இல்லை. அது வரைந்து காட்டிய படமே அதுதான்.

கடற்காகம்

இதை இரண்டு முறை படித்தேன். மைனஸ் ஆர்ஆரைப் பார்த்து டாலரை விற்றபோது, சந்தை 54 சதவீதம் என்று சொன்ன பக்கத்துக்கு எதிராக நின்றிருக்கிறேன். அது எனக்குத் தெரியவே தெரியாது.

ஒரு சந்தேகம். 54 என்பது உண்மையான வாய்ப்பா?

தராசுமுள்

இல்லை, நல்ல கேள்வி. அது விலைக்குள் இருக்கும் வாய்ப்பு. அதில் பயத்துக்காகக் கட்டும் கூடுதல் கட்டணமும் கலந்திருக்கிறது. வெள்ளக் காப்பீட்டின் பிரீமியத்தைப் பார்த்து வெள்ளம் வரும் வாய்ப்பை அப்படியே எடுக்க முடியாது, காப்பீடு விற்பவரின் கூலியும் உள்ளே இருக்கும். எவ்வளவு வாய்ப்பு, எவ்வளவு கூலி என்று ஸ்மைலை மட்டும் வைத்துக்கொண்டு பிரிக்கவே முடியாது. இந்த எல்லையை மனதில் வைத்துக்கொண்டுதான் மேலே பேச வேண்டும்.

யென் பக்கத்தில் இந்தச் சாய்வு ஏன் வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். யென் வட்டி குறைவு. யெனில் கடன் வாங்கி, வட்டி கூடிய நாணயத்தில் போட்டுவைப்பவர்கள் நிறையப் பேர், கேரி டிரேட் என்பது இதுதான். நுழையும்போது ஆளுக்கொரு நாளில் தனித்தனியாக நுழைகிறார்கள், வெளியேறும்போது எல்லோரும் ஒரே வாசலுக்கு ஓடுகிறார்கள். 1998 அக்டோபரில் டாலர்–யென் 130க்கு மேலிருந்து சில நாட்களில் 112 அருகே போனது. 2024இல் ஜூலை தொடக்கத்தில் 161ஐத் தாண்டியிருந்தது. ஜூலை 31 அன்று ஜப்பான் வங்கி வட்டியை 0.25 சதவீதமாக உயர்த்தியது. ஆகஸ்ட் 5 அன்று விலை 142க்கும் கீழே. ஏற மாதக்கணக்கு, இறங்க நாள்கணக்கு. அந்த நினைவுதான் புட்டின் விலையில் நிரந்தரமாகக் குடியிருக்கிறது.

சரக்குப்பெட்டி

ஐயா, ரிஸ்க் ரிவர்சல் என்று பார்த்ததும் உள்ளே வந்தேன். எங்கள் வங்கி எனக்கு விற்றதன் பெயரும் அதுதான். நாங்கள் ஜப்பானிலிருந்து இயந்திர பாகங்கள் வாங்குகிறோம், வருமானம் டாலரில், கட்டுவது யெனில். யென் ஏறினால் எங்களுக்கு நஷ்டம். "செலவே இல்லாத பாதுகாப்பு" என்று ஒரு மாதத்துக்கு ஒரு வரம்பு கொடுத்தார்கள். 146.30க்குக் கீழே போனால் அவர்கள் காப்பாற்றுவார்கள், 151.40க்கு மேலே போனால் அந்த லாபம் அவர்களுக்கு. அன்றும் ஸ்பாட் 150தான். கீழே 3.70 யென் இடைவெளி, மேலே 1.40தான். ஏன் இப்படி ஒருபக்கமாக இருக்கிறது என்று கேட்டால் "மார்க்கெட் அப்படி" என்பதோடு பேச்சை முடித்துவிட்டார்கள். என்னை ஏமாற்றிவிட்டார்களா? இந்த மாதிரி ரிஸ்க் ரிவர்சல் எடுப்பது நல்லதா கெட்டதா, அதை மட்டும் சொல்லுங்கள்.

வேகவிசை

சார், இங்கே பேசுவது வேறு. நாங்கள் திரையில் வரும் குறியீட்டைப் பற்றிப் பேசுகிறோம். நீங்கள் வாங்கியது ஒரு ஒப்பந்தம்.

தராசுமுள்

வேறு இல்லை வேகவிசை, இரண்டும் ஒன்றின் இரண்டு முகம். ஒரு புட்டை வாங்கி ஒரு காலை விற்பது வியாபாரம். அந்த இரண்டின் வோல் வித்தியாசம்தான் திரையில் வரும் எண். சரக்குப்பெட்டி சாரின் 1.40 யெனைப் பிரித்துப் பார்த்தால், கடற்காகம் கேட்ட பயம் கையில் தொட்டுப் பார்க்கிற மாதிரி தெரியும்.

சார், முதலில் ஸ்பாட்டிலிருந்து அளக்காதீர்கள், ஃபார்வர்டிலிருந்து அளங்கள். ஃபார்வர்ட் 149.40. அப்படிப் பார்த்தால் கீழே 3.10, மேலே 2.00. வித்தியாசத்தில் பெரிய பங்கு அங்கேயே போய்விட்டது. அது வட்டி வித்தியாசம், யாருடைய பயமும் இல்லை, யாரும் எடுத்துக்கொண்டதும் இல்லை.

அடுத்து, ஸ்மைலே இல்லை, எல்லா ஸ்ட்ரைக்குக்கும் வோல் 10தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். 146.30 புட்டுக்கு ஈடாக விற்க வேண்டிய கால் 152.60இல் இருந்திருக்கும். கீழே 3.10, மேலே 3.20, கிட்டத்தட்டச் சமம். உண்மையான ஸ்மைலோடு போட்டால் புட் 73 சென்னுக்கு ஏறிவிடும், கால் மலிந்துவிடும். அந்த 73 சென்னை ஈடுகட்ட 151.80 வரை இறங்கி வந்து காலை விற்க வேண்டும். 152.60க்கும் 151.80க்கும் நடுவே உள்ள 80 சென் இருக்கிறதே, அதுதான் சந்தையின் பயத்துக்கு நீங்கள் கொடுத்தது. பணமாக இல்லை, மேலே கிடைக்கவிருந்த இடமாக.

மிச்சம் 151.80இலிருந்து 151.40 வரை. அது வங்கியின் கூலி. 151.40 காலின் மதிப்பு சுமார் 85 சென், உங்களுக்குக் கிடைத்த புட் 73. ஆக ஒரு டாலருக்கு 12 சென், ஒரு மில்லியன் டாலருக்கு 1,20,000 யென். "செலவே இல்லாத" என்பது உண்மையில்லை, இதைச் சொல்லாமல் மறைத்தது தவறுதான். ஆனால் வரம்பு ஒருபக்கமாகச் சாய்ந்ததற்கு முழுக் காரணம் அவர்கள் இல்லை. அடுத்த முறை கேட்கும்போது புட்டுக்கும் காலுக்கும் தனித்தனியாகப் பிரீமியம் சொல்லச் சொல்லுங்கள், நல்லதா கெட்டதா என்பதை அதற்குப் பிறகு பேசலாம். அதே நேரத்தில் இன்னொரு வங்கியிலும் விலை கேளுங்கள்.

சரக்குப்பெட்டி

மூன்று துண்டாகப் பிரித்துக் காட்டினீர்கள். இரண்டு வருடமாக எல்லாமே வங்கிதான் எடுத்துக்கொள்கிறது என்று நினைத்திருந்தேன். மிக்க நன்றி ஐயா.

நெல்மணி

நல்ல விளக்கம். ஆனால் கடற்காகத்தின் கேள்வியில் ஒரு பாதி இன்னும் பாக்கி இருக்கிறது. சாய்வு நிரந்தரம் என்றால், அதைப் பயத்தின் அறிகுறியாகப் பயன்படுத்துவது எப்படி? எப்போதும் எரியும் சிவப்பு விளக்கால் யாருக்கு என்ன பயன்?

நான் தினமும் ஒரு தாளில் குறித்துவைக்கிறேன். என் அனுபவத்தில் நிலை எதையும் சொல்வதில்லை, மாற்றம்தான் சொல்கிறது. அதிலும் ஒரு களையெடுப்பு தேவை. டாலர்–யென் விழும்போது ஆர்ஆர் தானாகவே இன்னும் மைனஸுக்குப் போகும், ஏறும்போது சற்றுத் தளரும். இது தினசரி நடக்கிற மூச்சு. எனவே முதலில் கடந்த ஆறு மாதத்தை எடுத்து, ஸ்பாட் ஒரு சதவீதம் நகர்ந்தால் ஆர்ஆர் சராசரியாக எவ்வளவு நகர்கிறது என்று ஒரு நேர்க்கோடு பொருத்துகிறேன். உதாரணத்துக்கு அது 0.3 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது இரண்டு வாரங்களை ஒப்பிடுவோம். முதல் வாரத்தில் ஸ்பாட் 150இலிருந்து 148.50க்கு இறங்குகிறது, ஆர்ஆர் −1.6இலிருந்து −2.0க்குப் போகிறது. "பயம் அதிகரித்தது" என்று செய்தி எழுதுவார்கள். ஆனால் ஒரு சதவீத வீழ்ச்சிக்கு 0.3 எப்படியும் வந்திருக்கும். உபரி 0.1தான், ஒன்றும் இல்லை. இரண்டாவது வாரத்தில் ஸ்பாட் 150இலிருந்து 151.50க்கு ஏறுகிறது, ஆர்ஆரும் −2.0க்குப் போகிறது. பழக்கப்படி அது −1.3க்குத் தளர்ந்திருக்க வேண்டும். உபரி மைனஸ் 0.7. விலை ஏற ஏற யாரோ இன்னும் அவசரமாகக் காப்பு வாங்குகிறார்கள். இரண்டு வாரத்திலும் திரையில் ஒரே −2.0தான், ஆனால் இரண்டாவதைப் பார்த்தால் நான் நிமிர்ந்து உட்காருவேன்.

கூடவே நடு வோலால் வகுத்துப் பார்ப்பதும் அவசியம். நடு வோல் 10ஆக இருக்கும்போது −1.6 என்பதும், 15ஆக இருக்கும்போது −2.4 என்பதும் ஒரே சாய்வுதான், இரண்டிலும் 0.16. பின்னதில் இரு பக்கமும் பயம் கூடியிருக்கிறது, கீழ்ப்பக்கத்துக்கென்று தனியாகக் கூடவில்லை.

வேகவிசை

இதைத்தானே நானும் சொன்னேன்? பிரெக்சிட் இரவில் ஸ்பாட் 1.50க்கு ஏறியது, பவுண்ட் புட் பக்கம் அப்போதும் விலை கூடவே இருந்தது. நெல்மணி சொல்கிற உபரி அதுதான்.

தராசுமுள்

ஒப்புக்கொள்கிறேன், அந்த உதாரணம் நெல்மணியின் வழிக்கு நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் அங்கே ஒரு நாள் குறிக்கப்பட்டிருந்தது. ஜூன் 23ஐத் தாண்டிப் போகும் தவணைகளில் மட்டும்தான் அந்தப் பயம் இருக்க முடியும். மே மூன்றாவது வாரம் வரை ஒரு மாத ஆப்ஷனுக்குள் வாக்கெடுப்பு வரவே இல்லை. உள்ளே வந்த நாளில் அந்தத் தவணையின் வோலும் சாய்வும் குதித்தே ஆக வேண்டும், அன்று யாரும் புதிதாகப் பயப்படாவிட்டாலும்கூட. நெல்மணியின் தாளில் அது மாபெரும் உபரியாகத் தெரியும். உண்மையில் அது நாட்காட்டி. தேர்தல், மத்திய வங்கிக் கூட்டம் இப்படி நாள் குறித்த விஷயம் இருந்தால், அந்த நாளுக்கு முன்னால் முடியும் தவணையையும் பின்னால் முடியும் தவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, அன்று பிரிட்டன் தங்கியிருந்தால் பவுண்ட் ஏறியிருக்கும், புட் வாங்கியவர்களின் பிரீமியம் போயிருக்கும். அதே ஆர்ஆரை "தவறான எச்சரிக்கை" என்று இன்று பேசிக்கொண்டிருப்போம். இரண்டு முடிவுக்கும் இடமிருந்தது, அதில் ஒன்று மிகப் பெரிய நகர்வாக இருக்கும், ஆப்ஷன் சொன்னது அவ்வளவுதான். "உண்மை சொன்னது" என்பது நாம் பின்னால் ஒட்டிய சீட்டு.

ஒற்றைப்படை

எனக்கு இந்த முழுத் திட்டத்திலும் நம்பிக்கை குறைவு. காரணம் சொல்கிறேன்.

ஸ்விஸ் மத்திய வங்கி 2011 செப்டம்பர் 6 அன்று ஒரு யூரோவுக்கு 1.20 ஃபிராங்க் என்று தரை போட்டது. 2015 ஜனவரி 15 அன்று முன்னறிவிப்பு இல்லாமல் அதை எடுத்தது. சில நிமிடங்களில் விலை 1க்கும் கீழே. அதற்கு முன் அங்கே வோல் மிகக் குறைவு. தரை நிற்கும் என்று எல்லோரும் நம்பினார்கள், விலை அசையவில்லை, அதனால் ஆப்ஷனும் மலிவு. பெரிய பயம் தேவைப்பட்ட இடத்தில் ஸ்மைல் கத்தவில்லை. எனக்கு அன்று சிறிய ஒரு பொசிஷன் இருந்தது, கணக்கில் வைத்திருந்த பணம் முழுவதும் போனது. 1.1990இல் நிறுத்த உத்தரவு வைத்திருந்தேன். அந்த விலையில் வாங்க ஆளே இல்லை.

இரண்டாவது காரணம். பிரன்னர்மையர், நேகல், பெடர்சன் மூவரும் 2008இல் கேரி டிரேடைப் பற்றிச் செய்த ஆய்வில் ஒன்றைக் காட்டினார்கள். வீழ்ச்சிக்கு எதிரான காப்பின் விலை, வீழ்ச்சி நடந்து முடிந்த பிறகுதான் ஏறுகிறது. அந்த நேரத்திலோ கடன் வாங்கியவர்கள் ஏற்கெனவே வெளியேறியிருப்பார்கள், மறுபடி விழும் ஆபத்து குறைந்திருக்கும். அதாவது ஆர்ஆர் மிக ஆழமாக இருக்கும்போது ஆபத்து தாழ்ந்து கிடக்கலாம். ஆர்ஆர் அமைதியாக இருக்கும்போது, எல்லோரும் ஒரே பக்கம் நிறைந்து கிடப்பார்கள், ஆபத்து அங்கேதான். இது வரப்போகும் பயத்தின் அறிகுறி இல்லை, நேற்றைய வலியின் தழும்பு.

நெல்மணி

அந்த ஆய்வு நிலையைப் பற்றியது. ஸ்பாட் நகர்வைக் கழித்த உபரியைப் பற்றியது இல்லையே? வீழ்ச்சிக்குப் பிறகு வரும் ஏற்றத்தை நான் கழித்துவிடுகிறேன் அல்லவா?

ஒற்றைப்படை

நேர்க்கோட்டால் கழிக்கிறீர்கள். சாதாரண நாளின் ஒரு சதவீதத்துக்கு 0.3 என்பது, ஒரே நாளில் மூன்று சதவீதம் விழும் நாளுக்குப் பொருந்தாது. அன்று ஆர்ஆர் 0.9 நகராது, அதைப்போல இரண்டு மடங்கு நகரலாம். ஆக பெரிய வீழ்ச்சிக்குப் பிறகு உங்கள் உபரியும் ஆழமாகத்தான் தெரியும், மறுபடியும் அதே தழும்பு.

நெல்மணி

இது நியாயமான குறை. ஸ்பாட் ஏறிய நாட்களில் வரும் உபரியை மட்டும் தனியாக வைத்துப் பார்க்கிறேன், அங்கே இந்தச் சிக்கல் குறைவு. ஆனால் அப்படி வடிகட்டினால் ஒரு வருடத்தில் கைவிரலில் எண்ணும் அளவுதான் மிஞ்சுகிறது. அதை வைத்து எதையும் நிரூபித்துவிட்டதாக நான் சொல்ல மாட்டேன்.

தராசுமுள்

ஸ்விஸ் விஷயத்தில் ஒற்றைப்படையோடு உடன்படுகிறேன். தரை போட்ட நாணயத்தில் ஆப்ஷன் விலை, மத்திய வங்கியின் வாக்கை எவ்வளவு நம்புகிறார்கள் என்பதைத்தான் காட்டும். நம்பிக்கை முழுதாக இருக்கும்போது ஸ்மைலைப் படிக்க ஒன்றும் இருக்காது. அங்கே 25 டெல்டாவை விட்டுவிட்டு, 10 டெல்டாவும் அதற்கு வெளியே உள்ள ஸ்ட்ரைக்குகளும் என்ன விலை என்று கேட்பதுதான் கொஞ்சமாவது பயன். 25 டெல்டா ஸ்ட்ரைக் தரைக்கு மிக அருகிலேயே நின்றுவிடும், தரை உடைந்தால் நடக்கப்போவது அதற்கு எட்டாத தூரத்தில்.

உபரி விஷயத்தில் எனக்கு ஒரு பழைய பழக்கம் உண்டு. அது பெரிதாக வரும் நாளில் முதலில் "யார் வாங்குகிறார்கள்" என்று கேட்பேன். ஒரு பெரிய நிறுவனம் வேறொரு நாட்டு நிறுவனத்தை வாங்கப் போகிறது, அதற்குக் காப்பு எடுக்கிறது என்றால் ஆர்ஆர் இரண்டு நாளில் அரைப் புள்ளி நகரும். பயம் எதுவும் இருக்காது, ஒரே ஒரு வாடிக்கையாளர்தான். நீண்ட தவணைகளில் இது இன்னும் மோசம். டாலர்–யெனில் பத்து வருடம், இருபது வருடம் என்று போனால், ஜப்பானிய முதலீட்டாளர்களுக்கு விற்ற பவர் ரிவர்ஸ் டூயல் பத்திரங்களுக்காக வங்கிகள் செய்யும் காப்பு வேலைதான் சாய்வைப் பெரும்பாலும் தீர்மானித்து வந்திருக்கிறது. அங்கே சந்தையின் மனநிலையைத் தேடினால் கிடைக்காது. ஒரு மாதம், மூன்று மாதம், இவற்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

டெஸ்க்கில் இல்லாதவருக்கு "யார் வாங்குகிறார்கள்" என்று தெரிய வழியில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஒரு குறிப்பு கிடைக்கும். ஒரு வாடிக்கையாளரின் வேலை என்றால் பெரும்பாலும் ஒரே தவணை, ஒரே ஜோடிதான் நகரும். உண்மையில் கேரி வியாபாரத்தில் நடுக்கம் வந்தால் டாலர்–யெனோடு ஆஸ்திரேலிய டாலர்–யெனும் சேர்ந்து சாயும்.

வேகவிசை

சரி, நான் ஒரு பக்கம் விட்டுக்கொடுக்கிறேன். 54 சதவீதக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்தேன், எனக்கும் 54க்குப் பக்கத்தில்தான் வந்தது. ஆனால் உபரி பெரிதாக வரும்போது டாலரை விற்பதை நான் விட மாட்டேன். விழுந்தால் பெரிதாக விழும் என்று நீங்களே சொல்கிறீர்கள்.

ஒற்றைப்படை

அந்தப் பெரிய வீழ்ச்சிக்கு ஏற்கெனவே கூடுதல் விலை வைத்துவிட்டார்கள். நீங்கள் ஸ்பாட்டில் விற்கும்போது அந்த விலையைப் பிரீமியமாகக் கட்டவில்லை, உண்மை. ஆனால் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் வட்டி வித்தியாசத்தைக் கட்டுகிறீர்கள். 150க்கும் 149.40க்கும் நடுவே இருக்கும் 60 சென் ஒரு மாதக் காத்திருப்பின் கட்டணம். எத்தனை மாதம் காத்திருக்க உங்களுக்குக் கட்டுப்படியாகும் என்பதை ஆர்ஆர் சொல்லாது.

கடற்காகம்

ஒன்பது நாளுக்குப் பிறகு வருகிறேன். நெல்மணி சொன்னபடி ஒரு தாள் போட்டேன். ஆனால் என் கோட்டின் சாய்வு தலைகீழாக வந்தது. டாலர் விழுந்தால் ஆர்ஆர் பிளஸ் பக்கம் போகிறது! இரண்டு இரவு மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில்தான் கண்டுபிடித்தேன். பாதி நாட்களுக்கு வங்கிச் சந்தை எண்ணும், மீதிக்கு CME யென் ஃபியூச்சர் ஆப்ஷன்களிலிருந்து நானே கணக்கிட்ட எண்ணும் கலந்து போட்டிருக்கிறேன். ஃபியூச்சரில் ஒரு யெனின் டாலர் விலைதான் ஓடுகிறது. அங்கே கால் என்றால் யென் கால், அதாவது டாலர் புட். குறியை மாற்றிப் போட்டதும் கோடு ஒழுங்காக வந்துவிட்டது.

திருத்திய பிறகு, ஸ்பாட் ஏறியும் ஆர்ஆர் எதிர்பக்கம் போன வாரம் நான்கு கிடைத்தது. அதில் ஒன்று மத்திய வங்கிக் கூட்டம் தவணைக்குள் நுழைந்த வாரம், தராசுமுள் சொன்னபடி அதை அடித்துவிட்டேன். மீதி மூன்றில் ஒன்றுக்குப் பிறகு டாலர் நன்றாக விழுந்தது, இரண்டில் ஒன்றும் நடக்கவில்லை.

நெல்மணி

மூன்றில் ஒன்று. என் தாளிலும் ஏறத்தாழ அப்படித்தான் இருக்கிறது. அந்த ஒன்றில் விழுந்த அளவையும், மற்ற இரண்டில் நகர்ந்த அளவையும் பக்கத்தில் எழுதிவையுங்கள். CME வெளியிடும் வோல் குறியீடான CVOL பக்கத்தில் `UpVar`, `DnVar` என்று இரண்டு தொடர்கள் தினமும் வருகின்றன, யென்னுக்கு அவற்றின் வித்தியாசத்தை எடுத்தால் ஸ்ட்ரைக் ஸ்ட்ரைக்காகக் கணக்கிடும் வேலை மிச்சம். அங்கேயும் யென் பக்கத்திலிருந்துதான் பார்க்கிறார்கள், குறியை மறந்துவிடாதீர்கள்.

சரக்குப்பெட்டி

ஐயா, இன்று இரண்டு வங்கியில் விலை கேட்டேன், புட்டுக்கும் காலுக்கும் தனித்தனியாக. பழைய வங்கி முதலில் தயங்கினார்கள், அப்புறம் கொடுத்தார்கள். அதே 146.30 பாதுகாப்புக்கு இந்த முறை மேல் வரம்பு 151.65 வரை வந்தது. ஸ்பாட்டும் வோலும் அன்று இருந்த இடத்தில்தான் இருக்கின்றன.